கம்பெனி லாரி இடித்தால் எக்ஸஸ் யார் தலையில்? (சிங்கப்பூர்)

துவாஸ் ஓட்டுநர் | மார்ச் 9, இரவு 9.50

ஏர்கான் கம்பெனியில் வேலை. பாதி நேரம் சர்வீஸ், பாதி நேரம் லாரி ஓட்டுவது. லாரி கம்பெனிக்குச் சொந்தமானது இல்லை, லீஸ் கம்பெனியிடம் மாத வாடகைக்கு எடுத்த 10 அடி லாரி. போன மாதம் 14ஆம் தேதி நல்ல மழை. ஜூரோங் பக்கம் சிக்னலில் நின்றிருந்த வேனைப் பின்னால் போய் இடித்துவிட்டேன். யாருக்கும் அடி இல்லை. தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை.

இப்போது முதலாளி எக்ஸஸ் 3,000 வெள்ளி நான்தான் கட்ட வேண்டும் என்கிறார். மாதம் 300 வீதம் 10 மாதம். ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார். அடிப்படைச் சம்பளம் 1,800. பிப்ரவரிச் சம்பளத்தில் முதல் 300 போய்விட்டது. வண்டிக்குக் காப்புறுதி இருக்கும்போது நான் எதற்குக் கட்ட வேண்டும்? ரூமில் கேட்டால் எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான் என்கிறார்கள்.

கிராஞ்சிக்காரன் | மார்ச் 9, இரவு 10.15

தம்பி, சட்டத்திலேயே இடம் இருக்கு. சம்பளத்தில் 25 சதவீதம் வரை மாதாமாதம் பிடிக்கலாம். 1,800இல் 25 சதவீதம் 450. உன் முதலாளி 300தான் பிடிக்கிறார். நல்ல மனுஷன்னு நினைச்சுக்க.

பழைய வண்டிக் கணக்கன் | மார்ச் 9, இரவு 11.30

கிராஞ்சி அண்ணே, 25 என்ற எண் சரி. மாதாமாதம் என்பது தப்பு. அந்த ஒரு சொல்லில்தான் தம்பியின் பணம் முழுக்க இருக்கிறது.

நான் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் 9 வருடம் வண்டிக் கணக்கு பார்த்தவன். சாலை வரி, பரிசோதனைத் தேதி, விபத்து ரிப்போர்ட் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். தம்பி கையெழுத்துப் போட்டது போன்ற தாள்களை நானே டைப் செய்து நீட்டியிருக்கிறேன். அதனால் இதை நல்லவன் மாதிரி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. எப்படி நடக்கும் என்று மட்டும் தெரியும்.

முதலில், காப்புறுதி இருக்கும்போது ஏன் என்ற கேள்வி. எக்ஸஸ் என்பது காப்புறுதி நிறுவனம் தன் பையிலிருந்து தராத முதல் துண்டு. பாலிசி லீஸ் கம்பெனி பெயரில் இருக்கும். அந்தத் துண்டை லீஸ் கம்பெனி உன் முதலாளி தலையில் கட்டும், வாடகை ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். அங்கே கையெழுத்துப் போட்டவர் முதலாளி, நீ இல்லை. ஆக, லீஸ் கம்பெனிக்கு உன்னைத் தெரியாது. முதலாளி கட்டியாக வேண்டும், அதில் சந்தேகமில்லை.

அவர் கட்டியதை உன்னிடமிருந்து வாங்குவது வேறு கதை. அதற்கு வாடகை ஒப்பந்தம் செல்லாது, வேலை நியமனச் சட்டம்தான் பேசும். ஊழியரின் கவனக்குறைவால் வந்த சேதத்துக்குச் சம்பளத்தில் பிடிக்க அது வழி வைத்திருக்கிறது. ஆனால் முதலில் உன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். உண்மையான நஷ்டத்துக்கு மேல் ஒரு வெள்ளிகூடப் பிடிக்கக் கூடாது. தொழிலாளர் ஆணையரின் அனுமதி இல்லாமல் ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. அதையும் ஒரே தடவையில் பிடித்து முடித்துவிட வேண்டும். தவணை கிடையாது.

அந்தக் கணக்குப்படி உன் விபத்துக்கு உச்சம் 450 வெள்ளி, ஒரு தடவை. 3,000 இல்லை.

துவாஸ் ஓட்டுநர் | மார்ச் 10, காலை 6.20

லாரியில் காத்திருக்கிறேன், மற்றவர்கள் இன்னும் இறங்கி வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேனே அண்ணே, அது?

விற்பனைப் பிரிவு | மார்ச் 10, காலை 10.05

என் விஷயத்தையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். நான் சேல்ஸ் மேனேஜர், கம்பெனி லீஸ் கார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஜொகூர் போனபோது பார்க்கிங்கில் தூணில் உரசிவிட்டது. கதவு ஒரு பக்கம் காலி. எக்ஸஸ் 2,000, மலேசியாவில் நடந்ததால் இரட்டிப்பாகி 4,000 என்று எச்.ஆர். மெயில் அனுப்பியிருக்கிறார். எனக்கும் கால் பங்குதானா? அப்படியானால் ரொம்பச் சந்தோஷம்.

பழைய வண்டிக் கணக்கன் | மார்ச் 10, பகல் 1.15

மேனேஜர் சார், உங்களுடையது வேறு கேள்வி, பிறகு வருகிறேன். தம்பி முதலில்.

கையெழுத்து. 2019 ஏப்ரலில் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு வழி திறந்தார்கள். சட்டம் பட்டியலிடாத காரணத்துக்கும் ஊழியர் எழுத்தில் சம்மதித்தால் சம்பளத்தில் பிடிக்கலாம். கம்பெனிகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. நாங்களும்தான். ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கொடுத்த சம்மதத்தை ஊழியர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. அந்தப் பகுதியை என் தாளில் நான் ஒருநாளும் அச்சடித்ததில்லை.

ஆக, தம்பி செய்ய வேண்டியது: 'என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று தேதி போட்டு ஒரு வரி. வாட்ஸாப்பில் போதும், இமெயில் என்றால் இன்னும் நல்லது. அதற்கு முன் மூன்று தாள் பார்க்க வேண்டும். நீ கையெழுத்துப் போட்டது, பிப்ரவரிச் சம்பளச் சீட்டு, லீஸ் கம்பெனி உன் முதலாளிக்கு அனுப்பிய பில். மூன்றாவதை அவர் தர மாட்டார். கேட்டுப் பார்.

காக்கி புக்கிட் மெக்கானிக் | மார்ச் 10, மாலை 7.40

10 அடி லாரி, முன்னால் மட்டும் அடி. பம்பர், ஒரு ஹெட்லேம்ப், கிரில், கொஞ்சம் தட்டிப் பெயிண்ட். ரேடியேட்டர் உடையவில்லை என்றால் ஆயிரத்துச் சொச்சம்தான் வரும். 3,000 எங்கிருந்து வந்தது? பில்லைப் பார்க்காமல் பணம் கட்டுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

துவாஸ் ஓட்டுநர் | மார்ச் 11, இரவு 10.40

ரேடியேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபீஸ் அக்கா பில்லைப் போனில் படம் எடுத்து அனுப்பினார். அவர் பெயரை எழுத மாட்டேன்.

பில்லில் இப்படி இருக்கிறது. ரிப்பேர் 1,130. அதற்குக் கீழே தனியாக: சொந்தச் சேத எக்ஸஸ் 1,500, அனுபவம் குறைந்த ஓட்டுநருக்குக் கூடுதல் எக்ஸஸ் 1,500. முதலாளி இந்த இரண்டையும் கூட்டி 3,000 என்கிறார்.

இந்தியாவில் 6 வருடம் ஓட்டினேன். இங்கே லைசென்ஸ் எடுத்து 14 மாதம்.

நான் கையெழுத்துப் போட்ட தாளின் தலைப்பு 'லோன் அக்ரிமெண்ட்'. சம்பளச் சீட்டில் 'அட்வான்ஸ் 300' என்று இருக்கிறது. அட்வான்ஸ் எதுவும் நான் வாங்கவில்லை.

பழைய வண்டிக் கணக்கன் | மார்ச் 11, இரவு 11.55

படுக்கப் போனவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

கிராஞ்சி அண்ணே, உங்கள் மாதாமாதம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. முன்பணத்துக்கும் கடனுக்கும் சட்டத்தில் வேறு விதி. ஊழியருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் தவணையில் பிடிக்கலாம், ஒவ்வொரு தவணையும் சம்பளத்தில் 25 சதவீதத்துக்குள். முன்பணமாக இருந்தால் 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். உங்கள் ஞாபகத்தில் இருந்தது அந்த விதி. தம்பியின் முதலாளிக்கும் அதே ஞாபகம்தான். சேதம் என்று எழுதினால் 450 வெள்ளியில் கதவு மூடிவிடும். கடன் என்று எழுதினால் 10 மாதம் 300 வீதம் அழகாக உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் கடன் என்றால் தம்பி கையில் பணம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தம்பி, உன் வங்கிக் கணக்கில் பிப்ரவரி, மார்ச் பக்கங்களை எடுத்து வை. 3,000 எங்கும் வரவு இல்லை என்று காட்ட அது போதும்.

ரிப்பேர் 1,130, எக்ஸஸ் 1,500. அப்படியானால் காப்புறுதி நிறுவனம் இந்த லாரிக்கு ஒரு வெள்ளிகூடத் தரவில்லை, தர வேண்டியதும் இல்லை. பில் எக்ஸஸை விடக் குறைவு. எக்ஸஸ் என்பது உச்சவரம்பு, அபராதம் அல்ல. 1,130 செலவுக்கு 3,000 வசூலிப்பது எந்தக் கணக்கு?

காக்கி புக்கிட் மெக்கானிக் | மார்ச் 12, காலை 8.10

நான் சொன்னேனா இல்லையா.

ஐந்து லாரி முதலாளி | மார்ச் 12, காலை 11.20

எல்லாரும் முதலாளியைத் திருடன் மாதிரி பேசுகிறீர்கள். நான் ரெனோவேஷன் வேலை, ஐந்து லாரி ஓடுகிறது. போன வருடம் மட்டும் நான்கு இடி. ஒன்றில்கூட ஓட்டுநர் பையிலிருந்து ஒரு காசு போகவில்லை, எல்லாம் நான்தான். விபத்துக்குப் பிறகு லீஸ் கம்பெனி வாடகையை ஏற்றிவிடுகிறது. ஓட்டுநருக்குக் கொஞ்சமாவது உறைக்க வேண்டாமா? போன் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள்.

வேனுக்காரன் கிளெய்மையும் மறந்துவிட்டீர்கள். லீஸ் லாரிகளில் மூன்றாம் தரப்புக்கும் தனி எக்ஸஸ் உண்டு. லீஸ் கம்பெனி அதையும் சேர்த்துக் கையில் வாங்கி வைத்திருக்கும், கணக்கு முடிந்தால்தான் மிச்சத்தைத் திருப்பித் தரும்.

பழைய வண்டிக் கணக்கன் | மார்ச் 12, பகல் 12.50

முதலாளி சொல்வதில் நியாயம் உண்டு. நேற்று நான் வேகமாக எழுதியதில் ஒரு ஓட்டை இருந்தது. இடி வாங்கிய வேனின் ரிப்பேரும், அது ஒர்க்ஷாப்பில் நின்ற நாட்களுக்கான நஷ்டமும் பாக்கி இருக்கின்றன. பின்னால் போய் இடித்தவன் பக்கம்தான் அநேகமாக முழுப் பொறுப்பும் விழும், அந்தக் கிளெய்ம் வரும். மூன்றாம் தரப்பு எக்ஸஸ் ஒப்பந்தத்தில் இருந்தால் அதுவும் உன் முதலாளிக்கு நஷ்டம்தான். ஆக, மொத்த நஷ்டம் 1,130 என்று நான் சொன்னது அவசரம். 'இன்றைய தேதிக்கு 1,130' என்று திருத்திக்கொள்கிறேன்.

ஆனாலும் பில்லில் மூன்றாம் தரப்பு என்று ஒரு வரியும் இல்லை. சொந்தச் சேதம் 1,500, கூடுதல் 1,500, அவ்வளவுதான். நாளை வரப்போகும் நஷ்டத்துக்கு இன்றே சம்பளத்தில் பிடிக்க முடியாது. அதுவும் வந்து, மொத்தம் 5,000 ஆனாலும் தம்பியின் சம்பளத்துக்கு வரம்பு அதே 450தான்.

கூடுதல் 1,500 பற்றி. இங்கே லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவர் ஓட்டினால் இவ்வளவு கூடும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். அது கவனக்குறைவால் வந்த பணம் இல்லை. 14 மாத லைசென்ஸ்காரனை இந்த லாரியில் உட்கார வைத்தவர் எடுத்த முடிவால் வந்தது. அதே இடத்தில் 10 வருட அனுபவசாலி அதே வேனை அதே வேகத்தில் இடித்திருந்தால் இந்த 1,500 வந்திருக்காது. வேலைக்கு எடுக்கும்போது அவர் உன் லைசென்ஸ் நகல் வாங்கினாரா?

துவாஸ் ஓட்டுநர் | மார்ச் 12, மாலை 8.05

வாங்கினார். முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

விற்பனைப் பிரிவு | மார்ச் 13, காலை 9.30

என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பழைய வண்டிக் கணக்கன் | மார்ச் 13, பகல் 1.05

மன்னிக்கவும் சார்.

2019க்கு முன்னால் என்றால் மாதம் 4,500 வெள்ளிக்கு மேல் வாங்கும் மேனேஜருக்கு இந்தச் சட்டம் பேசாது. இப்போது பேசும். ஆகவே உங்கள் சம்பளத்தில் கை வைப்பதற்கு அதே வேலிகள் உங்களுக்கும் உண்டு.

ஆனால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்று. கால் பங்கு என்பது சம்பளத்தில் பிடிக்கும் வரம்பு. நீங்கள் தர வேண்டிய கடமைக்கு வரம்பு அது இல்லை. பாக்கித் தொகைக்குக் கம்பெனி உங்கள் மேல் தனியாக வழக்குப் போடலாம், கார் கொள்கை என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை வைத்து. தம்பி வேலை நேரத்தில் கம்பெனி வேலைக்காகப் போனவன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போனவர். சொந்த ஓட்டத்தில் நடந்தால் எக்ஸஸ் ஊழியர் பொறுப்பு என்று பெரும்பாலான கார் கொள்கைகளில் இருக்கும். என் பழைய கம்பெனியிலும் இருந்தது. அதில் எனக்கே பெரிய ஆட்சேபம் இல்லை, வார இறுதியில் காரை இலவசமாக ஓட்டுகிறீர்கள்.

நான் பார்ப்பது இரண்டுதான். ஜொகூருக்கு எடுத்துப்போக அனுமதி உண்டா? இரட்டிப்பு என்பது உங்களிடம் கொடுத்த கொள்கையில் எழுதியிருக்கிறதா, அல்லது எச்.ஆர். லீஸ் ஒப்பந்தத்தைப் பார்த்து இப்போதுதான் கண்டுபிடித்தாரா? உங்கள் கண்ணில் படாத தாளை வைத்து உங்களிடம் கேட்டால், ஏன் என்று திருப்பிக் கேளுங்கள். அப்புறம் கதவு ரிப்பேர் பில். 4,000 ஆகியிருக்காது.

விற்பனைப் பிரிவு | மார்ச் 13, பகல் 2.20

பில் 1,680. நீங்கள் சொன்ன பிறகுதான் கேட்டு வாங்கினேன். மூன்று நாளாக 4,000க்குத் தூக்கம் போனது.

கிராஞ்சிக்காரன் | மார்ச் 13, இரவு 9.45

நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன். 2016இல் என் சம்பளத்தில் 6 மாதம் 200 பிடிச்சாங்க, டெயில்கேட் உடைஞ்சதுக்கு. சட்டம்னுதான் சொன்னாங்க. அதையே இத்தனை வருஷமா எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். அதை இப்ப கேட்க முடியுமா?

பழைய வண்டிக் கணக்கன் | மார்ச் 13, இரவு 10.30

முடியாது அண்ணே. வேலையில் இருப்பவர் என்றால் பிரச்சினை வந்த நாளிலிருந்து ஒரு வருடம், வேலையை விட்டவர் என்றால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதம். அதற்குள் டாடம் எனப்படும் வேலைத் தகராறு தீர்க்கும் அமைப்பில் மனு போட்டிருக்க வேண்டும்.

வேறு ஒன்று நேற்றிலிருந்து உறுத்துகிறது. சட்டத்தின் வாசகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஊழியரிடம் 'பாதுகாப்பில் வைக்க வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்ட பொருள்' என்ற ரீதியில்தான் அந்தப் பிரிவு போகிறது. ஸ்டோர் கீப்பரிடம் கொடுத்த சரக்கு, கேஷியரிடம் கொடுத்த பணம், இவை தெளிவு. ஓட்டக் கொடுத்த லாரி அந்தப் பொருளில் சேருமா? லாரி கம்பெனிக்கே சொந்தமில்லை, போன பணம் லீஸ் பில்லுக்குப் போனது. அது பொருளின் சேதமா, ஒப்பந்தக் கடனா? சேராது என்றால் 450கூடப் பிடிக்க முடியாது, சம்மதம் இல்லாமல். நான் வேலை செய்த 9 வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. மனிதவள அமைச்சு அதிகாரிகளோடு பேசியபோதெல்லாம் வண்டியையும் சேர்த்தே பேசினார்கள், நாங்களும் தலையாட்டினோம்.

ஐந்து லாரி முதலாளி | மார்ச் 14, காலை 7.50

இப்போது 450ம் கிடையாதா? அடுத்து லாரியையே ஓட்டுநர் பெயருக்கு எழுதித் தரச் சொல்வீர்கள்.

பழைய வண்டிக் கணக்கன் | மார்ச் 14, காலை 8.30

கேள்வியைத்தான் வைத்தேன், தீர்ப்புச் சொல்லவில்லை. டாடம் மேசையில் அதைப் பேசிப் பார்க்கலாம், ஒரே ஆயுதமாக நம்பக் கூடாது.

உறைக்க வேண்டாமா என்று கேட்டீர்களே. எங்கள் கம்பெனியில் பிறகு ஒரு வழி செய்தோம். மாதம் 80 வெள்ளி பாதுகாப்பு ஊக்கத்தொகை, வேலைக்குச் சேரும்போதே எழுத்தில். இடித்தால் அடுத்த மூன்று மாதம் கிடையாது. அது பிடித்தம் இல்லை, தராமல் விடுவது. பிடித்த காலத்தைவிட இதில் இடி குறைந்தது என்றுதான் என் நினைவு, கணக்கு வைத்துச் சொல்லவில்லை.

பிடித்த காலத்தில் நடந்தது இன்னொன்று. ஓட்டுநர்கள் இடித்ததைச் சொல்லவே மாட்டார்கள். ஒருவர் ஒரு வாரம் பம்பர் கீறலைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்து ஓட்டினார். எதிர்த்தரப்பு ரிப்போர்ட் போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அங்கேதான் உண்மையான நஷ்டம். விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்திடம் ரிப்போர்ட் போட வேண்டும். தவறினால் அவர்கள் கிளெய்மையே மறுக்க இடம் உண்டு. அப்புறம் எக்ஸஸ் இல்லை, மொத்தத் தொகையும் கம்பெனி தலையில்.

தம்பி, நீ எப்போது ரிப்போர்ட் போட்டாய்?

துவாஸ் ஓட்டுநர் | மார்ச் 14, இரவு 10.15

14 வெள்ளிக்கிழமை இடித்தேன். ரிப்போர்ட் 18 செவ்வாய். நானாகத் தாமதிக்கவில்லை. இடித்த உடனே சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். அவர் வாட்ஸாப்பில் வாய்ஸ் அனுப்பினார், இப்போதும் இருக்கிறது. 'வேன்காரன்கிட்ட பேசி பிரைவேட்டா முடிச்சிடு, ஆபீசுக்குச் சொல்லாத, நான் பாத்துக்கறேன்' என்கிறார். பின்னால் வைப்பர் ஓடும் சத்தம் கேட்கிறது. வேன்காரர் 900 கேட்டார், சூப்பர்வைசர் 400 என்றார், ஒத்துவரவில்லை. அதற்குள் திங்கள் ஆகிவிட்டது.

பழைய வண்டிக் கணக்கன் | மார்ச் 14, இரவு 11.00

அந்த வாய்ஸை உடனே இன்னொரு போனுக்கு அனுப்பி வை. அழியும் செய்தி வசதி ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிடு.

வெள்ளிக்கிழமை இடி என்றால் சனிக்கிழமை அல்லது திங்களுக்குள் போயிருக்க வேண்டும். செவ்வாய் என்பது தாமதம்தான். இதை வைத்துக் காப்புறுதி நிறுவனம் வேன் கிளெய்மில் முரண்டு பிடித்தால் முதலாளி நிச்சயம் உன் பக்கம் விரலை நீட்டுவார். அப்போது அந்த வாய்ஸ்தான் உன் பதில். மேலே நான் சொன்ன 'உன் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பு' இதற்குத்தான். உன்னிடம் யாராவது விளக்கம் கேட்டார்களா?

துவாஸ் ஓட்டுநர் | மார்ச் 15, காலை 6.10

யாரும் கேட்கவில்லை. தாளை நீட்டினார்கள், போட்டேன். அன்று சம்பள நாள்.

ஒன்று மட்டும் பயமாக இருக்கிறது. சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் பெர்மிட்டை வெட்டி அனுப்பிவிட்டால்? ஊரில் இன்னும் ஏஜென்ட் கடன் முடியவில்லை.

பழைய வண்டிக் கணக்கன் | மார்ச் 15, காலை 9.20

அந்தப் பயத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை தம்பி. வெட்ட மாட்டார் என்று என்னால் உறுதி தர முடியாது. புகார் கொடுத்த பிறகு வேலையை விட்டு அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். புகாரே கொடுக்காமல் நயமாகப் பேசி 3,000ஐ 1,000 ஆக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். முதலில் ஆபீசில் பேசு. பில்லை நேரடியாகக் காட்டாதே, அந்த அக்காவுக்குச் சிக்கல். 'ரிப்பேர் பில் எவ்வளவு வந்தது, பார்க்கலாமா' என்று மட்டும் கேள். எம்டபிள்யூசி எனப்படும் புலம்பெயர்ந்த ஊழியர் நிலையத்தில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு, டாடமுக்குப் போகும் முன் அங்கே காகிதங்களைக் காட்டு.

கிராஞ்சிக்காரன் | மார்ச் 15, இரவு 8.30

தனியா போகாதே தம்பி. ஞாயிற்றுக்கிழமைன்னா நான் வரேன்.

பழைய வண்டிக் கணக்கன் | மார்ச் 16, பகல் 11.40

நேற்று இரவு பழைய வேலை நண்பர் ஒருவரோடு தேக்காவில் டீ குடித்தேன். காப்புறுதிக் கிளெய்ம் பிரிவில் இருந்தவர். இந்த விஷயத்தைச் சொன்னதும் இங்கிலாந்தில் நடந்த ஒரு பழைய வழக்கை எடுத்தார். லிஸ்டர் எதிர் ராம்ஃபோர்ட் ஐஸ் கம்பெனி, 1957. லாரி ஓட்டுநர் பின்னால் எடுக்கும்போது தன்னோடு வேலை செய்த சொந்த அப்பாவையே இடித்துவிட்டார். அப்பாவுக்குக் காப்புறுதி நிறுவனம் நஷ்டஈடு கொடுத்தது. பிறகு கம்பெனி பெயரில் மகன் மேல் வழக்குப் போட்டு அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டது. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மகன் தோற்றார்.

அப்புறம் இது பெரிய சர்ச்சையாகி, அந்த நாட்டுக் காப்புறுதி நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. சதியோ வேண்டுமென்றே செய்த குற்றமோ இல்லாவிட்டால் ஊழியர் மேல் இப்படிப் போவதில்லை என்று.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மேனேஜர் சாரிடம் வழக்குப் போடலாம் என்று நான் சும்மா சொன்ன மாதிரி இருந்தது. சட்டப்படி அப்படி ஒரு வழி இருக்கிறது. 1,680க்காக யாரும் வக்கீலிடம் போக மாட்டார்கள் என்பது வேறு.

விற்பனைப் பிரிவு | மார்ச் 18, மாலை 6.50

எச்.ஆர். 1,680க்கு இறங்கிவிட்டார். இரட்டிப்பு என்பது எங்கள் கார் கொள்கையில் எங்குமே இல்லை. அனுமதி வாங்கித்தான் எடுத்துப் போனேன். பாதி நான், பாதி கம்பெனி என்று பேசியிருக்கிறேன். மனைவி முழுசும் நீங்கள்தான் கட்ட வேண்டும், தூணை நான் பார்த்துச் சொன்னேன் என்கிறார்.

துவாஸ் ஓட்டுநர் | மார்ச் 23, இரவு 9.15

ஆபீசில் பேசினேன். ரிப்பேர் பில் பார்க்கலாமா என்று கேட்டதுமே முதலாளியின் முகம் மாறியது. யார் சொல்லிக் கொடுத்தது என்றார். ரூமில் பேசிக்கொண்டோம் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. நேற்று கூப்பிட்டு, மொத்தம் 1,130, மாதம் 300 வேண்டாம், மாதம் 150 என்றார். கூடுதல் 1,500ஐ விட்டுவிட்டார். சூப்பர்வைசர் வாய்ஸைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பழைய வண்டிக் கணக்கன் | மார்ச் 23, இரவு 10.50

3,000 ஒரே கேள்வியில் 1,130 ஆனது. ஆனால் 150 வீதம் என்றாலும் தவணை தவணைதான். ஏற்கெனவே பிடித்த 300 போக 150 மட்டும்தான் அதிகபட்சம் மிச்சம் என்பேன் நான். ஒரே தடவையில் என்று சட்டம் சொல்வதால், 300 பிடித்ததோடு அந்தத் தடவை முடிந்துவிட்டது, இனி ஒன்றுமே இல்லை என்றும் வாதாடலாம். எது நிற்கும் என்று டாடம்காரர்தான் சொல்ல வேண்டும்.

புதுத் தாள் ஏதாவது நீட்டினால் அங்கேயே போடாதே. ரூமுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல். தலைப்பில் மறுபடி 'லோன்' என்று இருக்கிறதா பார்.

துவாஸ் ஓட்டுநர் | மார்ச் 24, காலை 6.05

இருக்கிறது.

கிராஞ்சிக்காரன் | மார்ச் 24, காலை 6.30

ஞாயிற்றுக்கிழமை 10 மணி, தேக்கா எம்ஆர்டி வாசல். பேங்க் புக், சம்பளச் சீட்டு, இரண்டு தாளும் எடுத்துட்டு வா. என் பழைய டெயில்கேட் சீட்டையும் கொண்டு வரேன், சும்மா காட்டறதுக்கு.